இரண்டு பொட்டலமும் சிவப்பு

உங்களில் எத்தனை பேருக்குச் சின்ன வயதில் தொக்கம் எடுத்திருக்கிறார்கள்? கையைத் தூக்க வேண்டாம், பேரப்பிள்ளைகள் பார்த்தால் சிரிக்கும். என் வயதில் இந்தப் பக்கத்து வயலிலும் வாய்க்காலிலும் வளர்ந்தவர் என்றால் கட்டாயம் எடுத்திருப்பார்கள். தின்றது தொண்டைக்குக் கீழே எங்கோ ஒட்டிக்கொண்டது, அதனால்தான் பிள்ளை சோறு தின்னாமல் வாந்தி எடுக்கிறது என்று சொல்லி, ஒரு ஆளிடம் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அந்த ஆள் உங்கள் வயிற்றை அமுக்கி, தொண்டைக் குழியில் ஒரு சின்னக் குழலை வைத்து உறிஞ்சி, வெற்றிலையில் எதையோ துப்பிக் காட்டியிருப்பார். முடி சுற்றிய ஒரு சோற்றுப் பருக்கை, அல்லது கறுத்துப்போன ஒரு முறுக்குத் துண்டு.

எங்கள் தெருவில் அந்த ஆள் என் அப்பா. பருக்கையில் சுற்றியிருந்த முடி பெரும்பாலும் என் அக்காவுடையது.

அப்பாவைப் பூசாரி என்றுதான் ஊரே கூப்பிடும். பகலெல்லாம் மிராசுதார் வயலில் வேலை. செவ்வாய், வெள்ளி சாயங்காலம் மட்டும் வீட்டு வாசலில் விபூதித் தட்டும் உடுக்கையுமாக உட்காருவார். ஆற்றுக்கு அக்கரையிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். சாமி இல்லை என்று மேடையில் பேசுகிற ஆளும் கட்சிக் கிளைச் செயலாளர்கூட வருவார். கறுப்பு சிவப்புத் துண்டை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கொல்லைப் பக்கமாக வருவார். ஊருக்குத்தான் உபதேசம்.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், போன வாரம் நம்மில் ஒருத்தி என்னிடம், "அந்தக் காலத்து ஆளுங்க நம்பிக்கையே தனி, அதுலயே பாதி நோய் போயிரும்" என்று உருகினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி போகும் என்பது எனக்கும் தெரியும். மீதிப் பாதியில் யார் போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

எனக்குப் பத்து வயதான வருஷம், குறுவைச் சாகுபடியின்போது எங்கள் ஊருக்கு ஒரு அம்மா வந்து தங்கினார். சென்னையில் பெரிய படிப்புப் படிக்கிறவர். ஜனங்களுக்கு நோய் வந்தால் என்ன நினைக்கிறார்கள், யாரிடம் போகிறார்கள், எப்படிக் குணமாகிறார்கள் என்று பார்த்து எழுதுவதுதான் படிப்பாம். பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் ஒரு அறை பிடித்துத் தங்கினார். நாங்கள் டீச்சரம்மா என்று கூப்பிட்டோம். அவர் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டு எழுதுவார், அவ்வளவுதான். தோளில் தொங்குகிற டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. அதன் இரண்டு சக்கரமும் சுற்றுவதைப் பார்க்கவே பிள்ளைகள் கூடுவோம்.

எல்லாரிடமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார். "இந்த நோவுக்கு உங்க ஊருல என்ன பேரு? எதனால வந்துச்சுன்னு நெனக்கிறீங்க? ஏன் இப்ப வந்துச்சு, ஏன் உங்களுக்கு வந்துச்சு? மொதல்ல என்ன செஞ்சீங்க, அப்புறம் யாருகிட்ட போனீங்க?" எங்கள் ஜனங்களுக்கு இந்தக் கேள்விகள் ரொம்பப் பிடித்துப்போயின. ஆஸ்பத்திரி டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார், சீட்டு எழுதுவார். ஏன் உனக்கு வந்தது என்று யார் கேட்டார்கள்? ஒருத்திக்கு வயிற்று வலி என்றால், நாத்தனாரோடு போட்ட சண்டையிலிருந்து தொடங்கி ஒரு மணி நேரம் சொல்லுவாள். டீச்சரம்மா அவ்வளவையும் எழுதிக்கொள்வார். ஒருநாள் எங்கள் அம்மாவிடம் சொன்னார்: "டாக்டரு பாக்குறது வியாதிங்க. இவங்க படுறது வேற. ரெண்டும் ஒண்ணு இல்ல." அம்மாவுக்கு அது புரிந்ததோ இல்லையோ, டீச்சரம்மாவுக்கு மோர் கொடுத்தாள்.

அவர் அப்பாவைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. வாரக் கணக்காக எங்கள் வாசலில் உட்கார்ந்து பார்த்தார். பார்க்கத் தெரிந்தவர், ஒப்புக்கொள்கிறேன். காமாலைக்காரர்கள் வந்தால் அப்பா கையில் மாம்பட்டைச் சாற்றைத் தடவிக்கொண்டு, அவர்கள் உடம்பை உருவி, சுண்ணாம்புத் தண்ணீரில் கையைக் கழுவுவார். தண்ணீர் மஞ்சளாகும். உடம்பிலிருந்த மஞ்சள் இறங்குகிறது என்று பார்க்கிறவர் மனசு குளிரும். பிறகு நாற்பது நாள் உப்பில்லாப் பத்தியம், எண்ணெய் கூடாது, வயல் வேலை கூடாது. "அந்தப் பத்தியமும் படுக்கையும்தான் மருந்து. ஆனா மஞ்சத் தண்ணியப் பாக்கலன்னா ஒருத்தனும் நாப்பது நாளு படுக்க மாட்டான்" என்று டீச்சரம்மா அப்பாவிடமே சொன்னார். அப்பா சிரித்தார். அம்மை வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பு இல்லாமல், வெளி ஆள் வராமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை காப்பதையும் எழுதிக்கொண்டார். நாகப்பட்டினம் பக்கம் ஒரு தர்காவுக்குப் போய், அங்கே ஓதுகிறவர் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் வசனம் எழுதி, அதைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பதையும் பார்த்துவிட்டு வந்தார். அங்கே எங்கள் தெரு ஆட்களும் வரிசையில் நின்றார்களாம். எங்களுக்கு என்ன, நோய்க்கும் பார், பேய்க்கும் பார். எந்தச் சாமியாக இருந்தால் என்ன.

தொக்கத்தைத்தான் அவர் விடவில்லை. ஒருநாள் ஆள் இல்லாத நேரத்தில் கேட்டுவிட்டார்.

"பெரியவரே, தப்பா நெனக்காதீங்க. அந்தப் பருக்கை மொதல்லயே உங்க வாயில இருந்துச்சுல்ல?"

நானும் அக்காவும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அப்பா கோபப்படவில்லை.

"இருந்துச்சும்மா. வயித்த அமுக்கி விட்டுடுறேன், காத்துப் பிரிஞ்சுடும். அத யாரு கண்ணுக்குக் காட்டுறது? பருக்கையக் கண்ணால பாத்தாத்தான் தாய்க்காரி தெம்பா சோறு ஊட்டுவா. அவ தெம்பா ஊட்டுனா புள்ள முழுங்கும்."

டீச்சரம்மா பேனாவை மூடினார். அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து, "என் முடிய எடுத்தா கேட்டுட்டு எடுக்கச் சொல்லுங்க!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தோம். அக்காவுக்கு அப்போது பதினெட்டு. அப்பா சாமியாடுவதை அப்படியே ஆடிக் காட்டுவாள், அப்பா கும்பிடுகிற முனியை "உங்க ஃபிரண்டு" என்பாள், விவசாயக் கூலிக்காரர் சங்கத்து ஊர்வலத்தில் முதல் வரிசையில் நடப்பாள். விசில் அடிப்பாள். அறுப்பு முடிந்ததும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குத் தன் கைக்கு எது அடங்கும், எது அடங்காது என்று நன்றாகத் தெரியும். பாம்புக் கடிக்கும், மார்ச்சளி முற்றி விலா இழுக்கிற பிள்ளைக்கும் விபூதி வைத்துவிட்டு, "இது நம்ம கையில இல்ல, நேரா திருவாரூருக்குத் தூக்கிட்டுப் போ" என்றுதான் சொல்வார். அந்தத் தெரிவுதான் அவருடைய வித்தை. அதனால்தான் அவர் கையில் யாரும் சாகவில்லை. அதனால்தான் அவருக்கு அவ்வளவு பேர்.

இனி வயல் கதை. சங்கத்துக்கும் மிராசுதார்களுக்கும் அப்போது ஆகாத காலம். கூலிக்கு மல்லுக்கட்டு, வெளியாளை இறக்குவது, வழக்கு, போலீஸ். என் சித்தப்பா, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர். மிராசுதாரை "ஆண்டே" என்று கூப்பிடுவதை எங்கள் தெரு விட்டதே சித்தப்பாவால்தான். மிராசுதார் வயல் முக்கில் ஒரு பெரிய இலுப்பை மரம், அதன் அடியில் முனி. அந்த மரத்துக்குப் பக்கத்தில், வயலைப் பார்த்த மாதிரி சங்கத்துக் கொடியை நட்டார்கள். மிராசுதார் தினமும் வரப்பில் நடக்கும்போது அந்தச் சிவப்பு அவர் கண்ணில் படும்.

அந்த வருஷம்தான் புது விதை வந்திருந்தது. குட்டையாக, சீக்கிரம் விளைகிற நெல். கூடவே அதற்கு உரமும் பூச்சிமருந்தும். மண்டையோடு போட்ட தகர டப்பாக்கள் மிராசுதார் களத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மண்டையோடு எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. கையாலேயே கலக்கினார்கள். வெறும் முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு, காற்றுக்கு எதிரேயும் அடித்தார்கள். அதே கையைத் துண்டில் துடைத்துவிட்டுக் கஞ்சி குடித்தார்கள்.

ஒருநாள் உச்சிப்பொழுதில் இலுப்பை மரத்துப் பக்கம் மருந்து அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் விழுந்தார்கள். வாந்தி, வாயெல்லாம் எச்சில், வேட்டி நனைந்துவிட்டது, தோள் சதையும் தொடைச் சதையும் தானாகத் துடிக்கிறது. கண்மணி கடுகளவுக்குச் சுருங்கிவிட்டது. சித்தப்பா யாரையும் கேட்கவில்லை. இருவரையும் வண்டியில் போட்டு ஓட்டிக்கொண்டு திருவாரூர் போய்விட்டார்.

தெருவில் இரண்டு பேச்சு கிளம்பியது. மருந்துதான் அடித்துவிட்டது, மிராசுதார் மேல் கேஸ் போட வேண்டும் என்று ஒரு பக்கம். உச்சி வேளை, முனி மரம், முனி காலடியில் கொடிக் கம்பத்துக்குக் குழி பறித்தோமே என்று இன்னொரு பக்கம். எங்கள் தெருவுக்கு ஏன் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். மருந்து என்றால், மற்றவர்களும்தானே அடித்தார்கள், இவர்கள் இரண்டு பேர் மட்டும் ஏன்?

அன்று சாயங்காலம் மிராசுதார் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன நான் களத்து வைக்கோல் போரோரம் நின்றுவிட்டேன்.

"என்னடா பூசாரி, ஊருல என்னமோ பேசிக்கிறாங்க. நீ பூக் கட்டிப் பாத்து சொல்லு. உன் வாயால வந்தா கேட்டுக்குவாங்க."

"பாத்து சொல்றேங்க அய்யா."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? முனிதான். கொடிய எடுத்தா சரியாப் போயிரும்." பிறகு குரலை இறக்கினார். "மனைக்கட்டுக் கணக்கெடுக்க ஆபீசர் வர்றாரு. உன் குடிசை எத்தினி வருசமா இருக்குன்னு என்னையத்தான் கேப்பாரு. மறந்துராத."

குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று அப்போது சட்டம் வந்திருந்தது. நாங்கள் குடிசை போட்டிருந்த சில குழி நிலம் மிராசுதாருடையது. மூன்று தலைமுறையாக இருக்கிறோம் என்பதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க ஆண்டே" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாக இலையில் வைத்து, ஒரே மாதிரி மடித்து, நூல் சுற்றி, சாமி முன்னால் போடுவார்கள். கள்ளம் அறியாத ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். மறுநாள் ஊரே மரத்தடியில் கூடியது. வெள்ளை வந்தால் உடம்புக்கு வந்த நோய், சிவப்பு வந்தால் முனி என்று அப்பா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். கள்ளம் அறியாத பிள்ளையாக என்னை நிறுத்தினார்கள். நான் எடுத்தேன். சிவப்பு. பெண்கள் குலவை போட்டார்கள். தடுக்கச் சித்தப்பா ஊரில் இல்லை, இன்னும் திருவாரூர் ஆஸ்பத்திரியில் இருந்தார்; அன்றே கொடிக் கம்பம் பிடுங்கப்பட்டது. முனிக்குச் சேவல் அறுத்து, பொங்கல் வைத்து, "இனி வயல்ல எறங்கலாம், குத்தம் தீந்துருச்சு" என்று அப்பா விபூதி கொடுத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு இடத்தைக் கூட்டியது நான்தான். மீதிப் பொட்டலம் இலைக் குப்பையில் கிடந்தது. சும்மா பிரித்துப் பார்த்தேன். அதிலும் சிவப்பு.

அதை எடுத்துக்கொண்டு நான் ஓடிய இடம் டீச்சரம்மாவின் அறை. அம்மாவிடம் போயிருக்கலாம், அக்காவிடம் போயிருக்கலாம். அக்காவிடம் சொல்லியிருந்தால் தெருவே கேட்கும்படி கத்தியிருப்பாள். படித்தவர், கேட்கத் தெரிந்தவர் என்று டீச்சரம்மாவிடம் போனேன். அவர் பொட்டலத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

"இது ரொம்ப முக்கியம் பாப்பா. யாருகிட்டயும் சொல்லாத."

"நீங்க சொல்லுவீங்களா டீச்சரம்மா?"

"நான் சொல்லக் கூடாதும்மா. நான் பாக்க வந்தவ. இங்க நடக்கறதுல கை வச்சா, அப்புறம் நான் பாக்கறது நெசமா இருக்காது."

பூவை ஒரு நோட்டுக்குள் வைத்து மூடி, மேலே தேதி போட்டார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்து வயதில் பெரியவர்கள் முகம் பளிச்சென்று ஆனால் நல்லது நடக்கும் என்றுதான் நினைப்போம்.

குற்றம் தீர்ந்தது என்று சொன்ன பிறகும் மருந்து அடிக்கிற வேலைக்கு ஆட்கள் தயங்கினார்கள். மிராசுதாரின் காரியக்காரர் வாசலில் வந்து நின்றார். "தீந்துருச்சுன்னு சொன்னது நீதான பூசாரி? உன் மவள அனுப்பு. உன் வீட்டுப் பொண்ணே எறங்குனா மத்தவங்க தன்னால வருவாங்க" என்றார். அப்பாவால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் குறி பொய்.

அக்கா அப்பாவை முறைத்தாள். "முனி என்னைக்கு உங்க பேச்சக் கேட்டுச்சு, இன்னைக்குக் கேக்க?" என்றாள். ஆனால் போனாள். குடத்தில் வாய்க்கால் தண்ணீர் கொண்டு வந்து, டப்பா மருந்தை ஊற்றி, முழங்கை வரை விட்டுக் கலக்கி, தெளிப்பானில் ஊற்றுவது அவள் வேலை. மூன்று நாள் செய்தாள். முதல் இரண்டு நாளும் தலைவலி என்று சோறு தின்னாமல் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் உச்சிக்கு முன்பே அதே இலுப்பை மரத்தடியில் விழுந்தாள்.

தூக்கிக்கொண்டு வந்தபோது வாயோரம் நுரை. புடவை நனைந்திருந்தது. கன்னத்துச் சதை துடித்தது. மூச்சு சளி கட்டின மாதிரி களகளவென்றது. அப்பா அவள் இமையைப் பிரித்துப் பார்த்தார். கடுகளவுக் கண்மணி.

அப்பாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு நாளில் நான் சொல்ல முயன்று சொல்ல முடியாமல் போனது இதைத்தான். அவர் மருந்தை நினைக்கவே இல்லை. முனி பேரைச் சொல்லிப் பொய்க்குறி சொன்னோம், முனி இப்போது உண்மையிலேயே வந்துவிட்டது, வேறு எங்கும் போகாமல் நம் பிள்ளை மேலேயே வந்துவிட்டது என்று நினைத்தார். ஊர் முழுக்க நோய்க்கும் பேய்க்கும் வித்தியாசம் பார்த்துச் சொன்ன மனிதருக்குத் தன் வீட்டுக்குள் அது தெரியவில்லை. பொய் சொன்னவனுக்கு மட்டும் வருகிற பயம் அது. பொய்யே சொல்லாதவனாக இருந்திருந்தால் வண்டி கட்டியிருப்பார்.

இரண்டு பூ எடுத்தார். எல்லார் கண் முன்னாலும் மடித்தார். ஒரு வெள்ளை நந்தியாவட்டை, ஒரு சிவப்பு அரளி. நான் பார்த்தேன், பிசகே இல்லை. இந்த முறை பொய் இல்லை. கோரிக்கை வைத்தார். "வெள்ளை வந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். சிவப்பு வந்தா உன் காலுல போட்டுடறேன். நீயே சொல்லு." பிறகு, "எடு பாப்பா" என்றார்.

வெள்ளை வர வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு வெறி. இரண்டு பொட்டலத்தையும் முகர்ந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். மேலே தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இடது பக்கத்தை எடுத்தேன்.

சிவப்பு.

"இன்னொரு தடவை எடுக்கறேம்பா" என்று அழுதேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். சாமியிடம் இரண்டு தடவை கேட்கக் கூடாது.

அதற்குள் சேதி கேட்டுச் சித்தப்பா வண்டியோடு வந்துவிட்டார். மாட்டை அவிழ்க்காமலே உள்ளே பாய்ந்தார்.

"அண்ணே, தூக்குங்க. அந்த ரெண்டு பேருக்கும் இதேதான். கண்மணி விரியிற வரைக்கும் ஊசி மேல ஊசியாப் போட்டாங்க. ரெண்டு பேரும் எழுந்து இட்லி தின்னுறானுவ. தூக்குங்க!"

"முனி பிடிச்ச உடம்புல ஊசி பட்டா ரத்தம் கக்கிரும்டா."

"அவனுவ கக்குனானுவளா?"

"அவனுவளுக்கு முனி இல்லடா!" என்று அப்பா கத்தினார். அவர் உண்மையைத்தான் சொன்னார். கேட்டவர்கள் யாருக்கும் புரியவில்லை. சித்தப்பா அக்காவின் காலைப் பிடித்துத் தூக்கப் போனார், அப்பா அவரைத் தள்ளிவிட்டார், அம்மா நடுவில் விழுந்து, "பூவு சொல்லிருச்சே, வேணாம் தம்பி, எம்புள்ளையக் கொன்னுடாதீங்க" என்று சித்தப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். கொல்வது யார் என்று அவ்வளவு உறுதியாக அவளுக்குத் தெரிந்திருந்தது.

சித்தப்பா ஓடிப்போய் டீச்சரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். படித்தவர் சொன்னால் அண்ணன் கேட்பார் என்று. அவர் வந்து கூட்டத்தில் நின்று, மெல்லிய குரலில், "பெரியவரே, இதையும் செய்ங்க. ஆஸ்பத்திரிக்கும் போயிடலாமே" என்றார். ஒரே ஒரு தடவை.

"பூக் கேட்டாச்சும்மா."

அவ்வளவுதான். அவர் பின்னுக்கு நகர்ந்துகொண்டார். நான் அவரையே பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. முதல் தடவை மிஞ்சிய அந்தச் சிவப்புப் பொட்டலத்தைப் பற்றி ஊர் நடுவே அவர் சொல்லியிருந்தால், அப்பா மானம் போயிருக்கும், மனை போயிருக்கும். ஆனால் தெரு திரண்டு அக்காவை வண்டியில் ஏற்றியிருக்கும். நானும் சொல்லவில்லை. எனக்குப் பத்து வயது, அப்பா மேல் பயம், அப்பா மேல் பாசம். அவருக்கு என்ன காரணம் என்று இன்றைக்கும் தெரியாது. அவர் தோளில் டேப் ரெக்கார்டரின் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

அப்பா எட்டுத் திக்கும் கட்டினார். எலுமிச்சை அறுத்துக் குங்குமம் தடவி எறிந்தார். வேப்பிலையால் தலையிலிருந்து கால் வரை இறக்கினார். உடுக்கை அடித்துக்கொண்டே, "என்னை எடுத்துக்க, என் புள்ளைய விட்டுடு, பொய் சொன்னது நான், நான்" என்று கதறினார். பூசாரி மேல் அருள் வந்துவிட்டது என்று ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அக்காவின் மூச்சுச் சத்தம் உடுக்கையைவிட மேலே கேட்டது. பிறகு இல்லை. மாடுகள் இன்னும் வண்டியில் பூட்டியபடியே நின்றன. பொழுது சாயக்கூட இல்லை. திருவாரூருக்கு இரண்டு மணி நேர வழி.

டீச்சரம்மா மூன்றாம் நாள் போய்விட்டார். போகும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார், பொய் அழுகை இல்லை. எங்களைப் பற்றி என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. நல்லதாகத்தான் எழுதியிருப்பார். எங்கள் ஜனத்தை முட்டாள் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த ஒரு நாளாவது நினைத்திருக்கலாம்.

மனைக்கட்டு எங்கள் பேருக்கு எழுதப்பட்டது. மிராசுதார் வாக்குத் தவறவில்லை. அக்காவின் கருமாதி முடிந்த பிறகு அப்பா உடுக்கையைப் பரணில் போட்டுவிட்டார். இனி யாருக்கும் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆனால் தெருவில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது தாமதமாகத்தான் காதில் விழுந்தது. "சொந்தப் புள்ள சாகக் கெடக்கயிலயும் சாமி சொல்ல மீறாத மனுசன்யா. அவரு வாக்கு பொய்க்குமா?" என்றார்கள். ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்த இரண்டு பேரே அப்படிச் சொன்னார்கள். கொடியைப் பிடுங்கியதால்தான் தாங்கள் பிழைத்தோம் என்று அவர்கள் நம்பினார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கரையிலிருந்து ஒருத்தி வந்தாள். கையில் ஆறு மாதக் குழந்தை. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, உச்சிக்குழி உள்வாங்கிக் கிடந்தது. தோஷம் தட்டிவிட்டது, மந்திரித்துவிடுங்கள் என்றாள்.

"நான் பாக்கறதில்லம்மா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ" என்றார் அப்பா.

"நீங்க கை வச்சாப் போதும் சாமி. உங்களப் பத்திக் கேள்விப்பட்டுதான் வந்தேன். பெத்த பொண்ணையே குடுத்தவரு நீங்க."

அப்பா எழுந்து நின்றார். உடம்பெல்லாம் ஆடியது. "போடி! ஆஸ்பத்திரிக்குப் போ! எங்கிட்ட ஒண்ணும் இல்ல! எம்பொண்ண நாந்தான் கொன்னேன், போ!" என்று கத்தினார். எச்சில் தெறித்தது. தலைமுடி அவிழ்ந்து விழுந்தது. தரையில் ஓங்கி ஓங்கி அடித்தார்.

அவள் பயந்து ஓடவில்லை. குழந்தையை அவர் காலடியில் கிடத்திவிட்டு, சாமி வந்துவிட்டது என்று கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் புடவைத் தலைப்பை என் பக்கம் நீட்டினாள். அவளை எப்படியாவது அனுப்ப வேண்டும் என்று, மாடத்தில் மிச்சம் இருந்த விபூதியை நான்தான் அள்ளிப் போட்டேன்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. குழந்தை மூன்றாம் நாள் தானாகவே தேறிவிட்டது. நாலு குழந்தைக்கு மூன்று அப்படித் தேறும், அது எல்லா டாக்டருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வாசலிலிருந்து வாய்க்கால் மதகு வரை ஜனம் நின்றது.